எலுமிச்சைச் சாதம் கசப்பது பற்றி அத்தைக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்,
12.07.2025

அன்புள்ள அத்தைக்கு,

கதிர் எழுதுவது. நான் இங்கு நலம். உங்கள் நலமும் மாமாவின் நலமும் அறிய ஆவல். தொலைபேசியில் கேட்டால் "எல்லாம் கண்ணளவுதான்டா" என்று முடித்துவிடுவீர்கள் என்பதால், என் எலுமிச்சைச் சாதம் ஏன் கசந்துபோகிறது என்பதை எழுதியே கேட்கிறேன்.

விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஸ் கிடையாது. ஆகவே காலையிலேயே மாணவர் சமையலறையில் சாதத்தைக் கிளறி, டப்பாவில் அடைத்து நூலகத்திற்கு எடுத்துச் செல்கிறேன். வாணலியில் இருக்கும்போது ருசி பார்த்தால் புளிப்பும் உப்பும் காரமும் குறையின்றி இருக்கின்றன. மதியம் டப்பாவைத் திறந்து உண்ணும்போதோ, முதலில் புளிப்புதான் தெரிகிறது. விழுங்கிய பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு வந்து, தண்ணீர் குடித்தாலும் போகாமல் தங்கிவிடுகிறது. என் அறைத்தோழன் பசியில் எதையும் குறை சொல்லாதவன். அவனே பாதியில் மூடி வைத்துவிட்டான்.

நான் செய்யும் முறை இதுதான். ஒரு டம்ளர் பொன்னி அரிசியை உதிரியாக வடித்து, தட்டில் பரப்பி ஆறவைக்கிறேன். இரும்பு வாணலியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, நிலக்கடலை, காய்ந்த மிளகாய், பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் என்று வரிசையாகத் தாளித்து, கடைசியில் மஞ்சள்தூளும், நீங்கள் வறுத்து அரைத்துக் கொடுத்த வெந்தயப் பொடியில் ஒரு சிட்டிகையும் சேர்க்கிறேன். பிறகு இரண்டு பழத்தின் சாற்றை அதிலேயே ஊற்றி, நுரைத்து வரும்வரை கொதிக்கவிட்டுச் சாதத்தைக் கொட்டிக் கிளறுகிறேன்.

முதலில் தாளிப்பின் மீதுதான் ஐயம் வந்தது. வெந்தயமோ உளுத்தம்பருப்போ கருகியிருந்தால் அப்போதே கசந்திருக்க வேண்டும் அல்லவா? தாளிப்பை மட்டும் தனியாக எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன், கசப்பில்லை. வெந்தயப் பொடியை விட்டுவிட்டுச் செய்தபோதும் மதியக் கசப்பு அப்படியே இருந்தது. ஆகவே உங்கள் பொடிக்கு இதில் பங்கில்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

நேரம் செல்லச் செல்ல ஏறும் கசப்பு என்பதால் இப்போது பழத்தின் மீதே ஐயம். உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் பக்கத்து அறை அண்ணன் ஒருவர், எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பழங்களின் விதையிலும் தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதியிலும் கசப்பில்லாத ஒரு பொருள் இருப்பதாகவும், அது சாற்றில் கலந்துவிட்டால் புளிப்பின் காரணமாகச் சில மணி நேரத்தில் லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறும் என்றும், சூடு பட்டால் அது இன்னும் விரைவாக நடக்கும் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு, பிழிந்து போட்ட மூடிகளை எடுத்துப் பார்த்தேன். இங்குள்ள சமையலறையில் கிடுக்கி போல அழுத்திப் பிழியும் அலுமினியக் கருவி ஒன்று இருக்கிறது. அதில் நசுங்கிய மூடியின் வெள்ளைப் பகுதி முழுவதும் கூழாகியிருந்தது. ஒரு விதை இரண்டாகப் பிளந்து, அதன் பருப்பு வெளியே தெரிந்தது. பழங்களும் கெட்டித் தோலுடன் சாறு குறைவாகவே இருக்கின்றன. கடைசிச் சொட்டுவரை அழுத்தினால்தான் போதுமான சாறு கிடைக்கிறது.

சென்ற ஞாயிறு கருவியை விட்டுவிட்டுக் கையால் பிழிந்து, வடிகட்டி, அடுப்பை அணைத்த பிறகே சாற்றைச் சேர்த்தேன். கசப்பு பெருமளவு குறைந்தது. ஆனால் முற்றிலும் போகவில்லை. சாதத்தில் அங்கங்கே ஒரு கருமையும் இருந்தது. அது இரும்பு வாணலியில் புளிப்புப் பட்டதால் வந்ததா என்று தெரியவில்லை.

ராமேசுவரம் போனபோது நீங்கள் விடியற்காலையில் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை இரயிலில் மாலையில் உண்டோம், துளியும் கசக்கவில்லை. ஆகவே உங்களிடம் கேட்கிறேன். சாற்றை வாணலியில் ஊற்றுவீர்களா, ஆறிய சாதத்தில் ஊற்றுவீர்களா? பிழிவதற்கு முன் பழத்தைத் தரையில் வைத்து உருட்டுவீர்களே, அது அழுத்தாமலே சாறு இறங்குவதற்காகத்தானா? சாற்றுக் கிண்ணத்தில் முன்னதாகவே உப்பைப் போட்டுவைப்பதாக நினைவு. அதற்குக் காரணம் உண்டா? ஒரு டம்ளர் அரிசிக்கு மஞ்சள்தூள் எவ்வளவு? நான் அரைத் தேக்கரண்டி போடுகிறேன், அதுவே கூடுதலோ என்றும் தோன்றுகிறது. இரும்பு வாணலியை மாற்றத்தான் வேண்டும் என்றால் எந்தப் பாத்திரம் வாங்குவது என்பதையும் எழுதுங்கள்.

அளவுகளைத் தயவுசெய்து கரண்டிக் கணக்கில் சொல்லுங்கள். கடிதம் எழுத நேரமில்லையென்றால், மாமாவிடம் சொல்லி அவர் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாலும் போதும். நாளை ஞாயிறு தயிர்ச் சாதம் கட்டிக்கொள்கிறேன். அடுத்த வாரத்திற்குள் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

மாமாவுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்,
கதிர்