சலுகைச் சீட்டும் ஜெபமும்: மருத்துவமனை ஆன்மிகப் பணி குறித்த ஒரு நிகழ்வாய்வு

மனநோயால் தாமே மருத்துவமனையில் இருந்து மீண்ட போதகர் ஆன்டன் பாய்சன், 1925இல் அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்து, நோயாளிகளிடமிருந்தே கற்கச் செய்தார். அந்த மரபில் வந்ததே, தமிழ்நாட்டு மிஷன் மருத்துவமனை ஒன்றில் நடைபெறும் எங்கள் ஆன்மிகப் பணிப் பயிற்சி. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

வாய்ப் புற்றுநோயால் சேர்க்கப்பட்ட 58 வயது நெசவாளர் ஒருவரை, பயிற்சி மாணவர் முதல் நாளே சந்தித்தார். மாணவரின் உரையாடல் பதிவில் இருப்பது இவ்வளவுதான்:

"ஐயா, உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க சாமி."

நோயாளி கைகூப்பினார், மாணவர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். பதிவின் ஓரத்தில் 'ஒப்புதல் பெறப்பட்டது' என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் கழித்து, நெற்றியில் திருநீறு இல்லாமல் படுத்திருந்த அவரிடம் சமூகப் பணியாளர் காரணம் கேட்டபோது, "வேணாம்னு சொன்னா பில்லுல குறைக்க மாட்டாங்களோன்னு பயந்துட்டேன்" என்றார். கட்டணச் சலுகைக்கான பரிந்துரைச் சீட்டில் அதுவரை ஆன்மிகப் பணியாளர்களே கையெழுத்திட்டு வந்தனர்.

மாணவர் பொய் சொல்லவில்லை, வற்புறுத்தவும் இல்லை. ஆயினும், பணமும் உயிரும் பிறர் கையில் இருக்கும்போது ஒருவர் சொல்லும் 'சரி' என்பதைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்பதே எங்கள் தெளிவான முடிவு. இந்த அளவுக்கு இறங்கிப் பார்க்காமல் ஒப்புதலைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

அதன்பின் சலுகைப் பரிந்துரை முழுவதும் சமூகப் பணித் துறைக்கு மாற்றப்பட்டது. முதல் சந்திப்பில் ஜெபம், வேத வாசிப்பு, துண்டுப் பிரசுரம் எதுவும் கூடாது என்றும், நோயாளி கேட்டால் அவருடைய சமயத்தவரை வரவழைக்க வேண்டும் என்றும் விதி வகுக்கப்பட்டது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் தன்னை மாய்த்துக்கொள்ளும் அல்லது பிறருக்குத் தீங்கு செய்யும் எண்ணம் வெளிப்பட்டால் மருத்துவக் குழுவிடம் தெரிவிக்கப்படும் என்பதையும் முதலிலேயே நோயாளியிடம் கூற வேண்டும்.

மாணவர் மீண்டும் சென்று மன்னிப்புக் கேட்டார். நோயாளியின் மனைவி ஒரு காகிதப் பொட்டலத்தில் திருநீறு கொண்டுவந்தார். "அப்பாவிடம் வியாதியைச் சொல்லாதீர்கள்" என்று மகன் கெஞ்சியபோது, மாணவர் தாமாக எதையும் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை; மருத்துவருடன் மகனை உட்கார வைத்தார். மறுவாரம் தந்தையே கேட்டார், மருத்துவரே சொன்னார். அன்று மாலை அவர் பேசியது மரணத்தைப் பற்றியல்ல. பாதி நெய்த நிலையில் தறியில் கிடக்கும் சேலையையும், வாங்கிய முன்பணத்தையும் பற்றியே. அவர் வீட்டில் இறந்தார். சேலையை மகன் நெய்து முடித்ததாக மனைவி வந்து தெரிவித்தார்.

புதிய விதிக்குப் பின் தொடக்கத்தில் ஜெபம் கேட்போர் குறைந்தனர். இது எங்கள் பணியாளர் சிலருக்கு வருத்தம் தந்தது. கேட்டவர்களோ நீண்ட நேரம் பேசினார்கள். நோயின் போக்கை இப்பணி மாற்றியதாக நாங்கள் கூறவில்லை.

விவாதத்திற்கு: அந்தக் கைகூப்பலைக் கண்ட நொடியில், மாணவர் வேறு என்ன கேட்டிருக்கலாம்?