ஆண்டு விழா அழைப்புக் கடிதம்: திருத்தங்கள்

தம்பி, கடிதம் பார்த்தேன். ஆட்சியருக்கு 'மாண்புமிகு' வேண்டாம், அது அமைச்சர்களுக்குப் போடுவது. 'உயர்திரு' என்று தொடங்கி, பெயருக்குப் பின் 'இ.ஆ.ப., அவர்கள்' என்று முடியுங்கள். வருபவர் பெண். போன வருடக் கடிதத்தின் 'ஐயா' அப்படியே நிற்கிறது; 'மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம்' ஆக்குங்கள்.

'விழாவிற்கு சிறப்பு விருந்தினராக நீங்கள் வர வேண்டும்' கட்டளைபோல் ஒலிக்கிறது, எனக்கு மனம் ஒப்பவில்லை. 'விழாவிற்குச் சிறப்பு விருந்தினராகத் தாங்கள் வருகை தந்து சிறப்பிக்க அன்புடன் வேண்டுகிறோம்' என எழுதுங்கள். ச், த் இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

முன்னிலையில் வட்டாரக் கல்வி அலுவலருக்கு மேலே முதன்மைக் கல்வி அலுவலர் வர வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அதற்கடுத்து. மாற்றியதும் அச்சுக்கு முன் ஒருமுறை காட்டுங்கள்.