அப்புச்சியின் வலது கண்: சொட்டு மருந்து, மாத்திரை நேர அட்டவணை
(4 பிப்ரவரி 2026 புதன் முதல் 17 மார்ச் 2026 செவ்வாய் வரை)

மாமாவுக்கும் அத்தைக்கும்,

இன்று காலை ஈரோட்டில் கட்டுப் பிரித்ததும் டாக்டர் மளமளவென்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நான் கையிலிருந்த துண்டுச் சீட்டில் கிறுக்கிக்கொண்டேன், பிறகு வெளியே நர்ஸக்காவிடம் சந்தேகங்களைக் கேட்டுத் தீர்த்துக்கொண்டேன். அம்மிச்சிக்கும் விளங்கும்படி கீழே எழுதியிருக்கிறேன். இதைச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். பீரோவுக்குள் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

டாக்டர் சொன்னது (அவர் சொன்ன வரிசையிலேயே)

"வலது கண்ணுக்கு மூன்று சொட்டு மருந்து. ஆன்டிபயாடிக் ஒரு வாரம், தினம் நான்கு தடவை. ஸ்டீராய்டு முதல் வாரம் ஆறு தடவை, பிறகு வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள். மூன்றாவது மருந்து தினம் மூன்று தடவை, நான்கு வாரம். ஒன்று விட்ட பிறகு அடுத்ததற்கு ஐந்து நிமிடம் பொறுங்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எதையும் நிறுத்த வேண்டாம். வலித்தால் மட்டும் பாராசிட்டமால், அதுவும் மூன்று நாள் வரை. கண்ணில் தண்ணீர், தூசி படக் கூடாது. இரவில் ஒரு வாரம் கண்ணுக்கு மூடி போட வேண்டும். அடுத்த புதன் வாருங்கள்."

எந்த பாட்டில் எது

மூன்று பாட்டிலும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. பெயரைப் படித்து விடுவது அம்மிச்சிக்கு ஆகாது. அதனால் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த நூலை ஒவ்வொன்றின் கழுத்திலும் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

| நூல் | மருந்து | முதல் நாள் | கடைசி நாள் | குலுக்க வேண்டுமா |
|---|---|---|---|---|
| பச்சை | மாக்ஸிஃப்ளாக்சசின் 0.5% (ஆன்டிபயாடிக்) | பிப். 4 | பிப். 10 | வேண்டாம் |
| சிவப்பு | பிரெட்னிசோலோன் அசிடேட் 1% (ஸ்டீராய்டு) | பிப். 4 | மார்ச் 17 | நன்றாகக் குலுக்க வேண்டும் |
| நீலம் | நெபாஃபெனாக் 0.1% (வீக்கம், வலி குறைய) | பிப். 4 | மார்ச் 3 | நன்றாகக் குலுக்க வேண்டும் |

சிவப்பிலும் நீலத்திலும் மருந்து அடியில் படிந்துவிடும். குலுக்காமல் விட்டால் வெறும் நீர்தான் கண்ணுக்குப் போகும், மருந்தெல்லாம் பாட்டிலின் அடியிலேயே கிடக்கும்.

தினசரி அட்டவணை

நேரம் எப்போதும் இந்த ஆறில் ஒன்றுதான். வாரம் மாறும்போது மணியை மாற்றவில்லை, கட்டத்தைத்தான் காலியாக்கியிருக்கிறேன். காலிக் கட்டத்தில் கோடு இருக்கும், அப்போது எதுவும் விட வேண்டாம். ஒரு கட்டத்தில் இரண்டு, மூன்று நிறம் இருந்தால் எழுதியிருக்கும் வரிசையில் விட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே 10 நிமிடம் விடுங்கள். டாக்டர் ஐந்து என்றுதான் சொன்னார். நம் வீட்டில் ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும் என்பதால் பத்தாக்கினேன்.

| வாரம் | காலை 6 | காலை 9 | பகல் 12 | மாலை 3 | மாலை 6 | இரவு 9 |
|---|---|---|---|---|---|---|
| 1. பிப். 4 புதன் – 10 செவ்வாய் | பச்சை, சிவப்பு, நீலம் | சிவப்பு | பச்சை, சிவப்பு, நீலம் | சிவப்பு | பச்சை, சிவப்பு | பச்சை, சிவப்பு, நீலம் |
| 2. பிப். 11 புதன் – 17 செவ்வாய் | சிவப்பு, நீலம் | – | சிவப்பு, நீலம் | சிவப்பு | சிவப்பு | சிவப்பு, நீலம் |
| 3. பிப். 18 புதன் – 24 செவ்வாய் | சிவப்பு, நீலம் | – | சிவப்பு, நீலம் | – | சிவப்பு | சிவப்பு, நீலம் |
| 4. பிப். 25 புதன் – மார்ச் 3 செவ்வாய் | சிவப்பு, நீலம் | – | சிவப்பு, நீலம் | – | – | சிவப்பு, நீலம் |
| 5. மார்ச் 4 புதன் – 10 செவ்வாய் | சிவப்பு | – | – | – | – | சிவப்பு |
| 6. மார்ச் 11 புதன் – 17 செவ்வாய் | சிவப்பு | – | – | – | – | – |

இன்று காலை 6 மணி, 9 மணி வேளைகளை ஆஸ்பத்திரியிலேயே நர்ஸக்கா விட்டுவிட்டார். நீங்கள் பகல் 12 மணியிலிருந்து தொடங்கினால் போதும். வாரம் எப்போதும் புதன்கிழமைதான் மாறும், கோபி சந்தையையோ ஞாயிற்றுக்கிழமையையோ கணக்கு வைக்காதீர்கள்.

சொட்டு மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. சாப்பிடும் முன்னா பின்னா என்று அப்புச்சி கேட்டால் மணியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிவப்பு மருந்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், மாமா. இரண்டாவது வாரமே கண் தெளிந்து, அப்புச்சி "இனி எதற்கு?" என்பார். அம்மிச்சியும் தலையாட்டுவார். இதைச் சட்டென்று நிறுத்தினால் உள்ளே அடங்கிய வீக்கம் திரும்பக் கிளம்பும், அதனால்தான் படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மறுபக்கம், நன்றாக இருக்கிறதே என்று மார்ச் 17க்குப் பிறகும் விட்டுக்கொண்டே இருப்பதும் ஆகாது. ஸ்டீராய்டைத் தேவைக்கு மேல் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறிவிடும். மருந்துக் கடையில் கேட்டால் சீட்டில்லாமலே எடுத்துக் கொடுப்பார்கள், வாங்க வேண்டாம்.

இன்னொரு கணக்கு. ஒரு பாட்டிலில் 5 மில்லி, ஏறத்தாழ 100 சொட்டு. சிவப்பு முதல் மூன்று வாரத்துக்கு மட்டும் 42, 35, 28 என்று 105 சொட்டு ஆகிறது, கன்னத்தில் வழிவது தனி. ஆகவே மூன்றாவது வார நடுவிலேயே தீர்ந்துவிடும். பிப்ரவரி 11ஆம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே இரண்டாவது பாட்டிலுக்குச் சீட்டு எழுதி வாங்கிவிடுங்கள். முதல் பாட்டில் தீர்ந்த அன்றுதான் அதைத் திறக்க வேண்டும், திறந்த தேதியை அதன் மேல் பேனாவால் எழுதுங்கள். திறந்து ஒரு மாதம் ஆன சொட்டு மருந்தை மீதியிருந்தாலும் கொட்டிவிட வேண்டும். அம்மிச்சியின் ஆபரேஷன் காலத்துப் பாட்டில் ஒன்று இன்னும் சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் அதை எடுத்துக் குப்பையில் போடுங்கள்.

மாத்திரை

| நேரம் | மாத்திரை | எத்தனை | எத்தனை நாள் |
|---|---|---|---|
| காலை 8, பலகாரம் சாப்பிட்ட பின் | மெட்ஃபார்மின் 500 மி.கி. (சர்க்கரை) | 1 | எப்போதும் போல |
| காலை 8, அதோடு சேர்த்து | அம்லோடிபின் 5 மி.கி. (பிரஷர்) | 1 | எப்போதும் போல |
| இரவு 8, சாப்பிட்ட பின் | மெட்ஃபார்மின் 500 மி.கி. | 1 | எப்போதும் போல |
| வலித்தால் மட்டும், சாப்பிட்ட பின் | பாராசிட்டமால் 650 மி.கி. | 1 | பிப். 4, 5, 6 மட்டும் |

பாராசிட்டமால் ஒன்று போட்டால் அடுத்ததற்கு 6 மணி நேரமாவது ஆக வேண்டும். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடாது. வலி இல்லாவிட்டால் ஒன்றுகூட வேண்டாம். சளிக்கென்று வாங்கி வைத்திருக்கும் மாத்திரையிலும் பெரும்பாலும் இதே மருந்துதான் இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

சொட்டு விடும் விதம்

அத்தை விடுவதுதான் நல்லது. மாமாவின் கை தோட்டத்து வேலையில் எந்நேரமும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிய பிறகு அப்புச்சியைக் கயிற்றுக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கீழ் இமையை மெல்ல இழுத்தால் சின்னப் பை போலத் திறக்கும், அதில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ முடியிலோ விரலிலோ படக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய ஓரத்தை ஒரு நிமிடம் லேசாக அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், அப்போதுதான் மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். கண் உருண்டையின் மேல் அழுத்தக் கூடாது. வழிந்ததைக் கன்னத்தில் துடைத்தால் போதும், துண்டின் நுனியைக் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டாம். சொட்டு வெளியே விழுந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இன்னொன்று விடலாம்.

இடது கண்ணுக்கு எதுவும் இல்லை.

ஒரு வேளை தவறிப்போனால் நினைவு வந்ததும் விடுங்கள். அடுத்த வேளைக்கு ஒரு மணி நேரமே இருந்தால் தவறிய சொட்டைப் போட வேண்டாம். இரண்டு வேளைக்குச் சேர்த்து இரண்டு சொட்டு என்ற கணக்கு கிடையாது. பாட்டில்களை அடுப்பு மேடையிலோ வெயில் விழும் சன்னலிலோ வைக்காதீர்கள்.

எது ஆகாது, எது ஆகும்

மஞ்சள் அறுவடைக் காலம் என்பதால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. வேகவைக்கிற இடத்துப் புகையும், பாலிஷ் போடும்போது பறக்கும் தூசியும் இந்தக் கண்ணுக்கு ஆகவே ஆகாது. களத்துப் பக்கம் அப்புச்சி போகாமல் பார்த்துக்கொள்வது மாமாவின் பொறுப்பு. "சும்மா எட்ட நின்று பார்க்கிறேன்" என்பார், நம்ப வேண்டாம். மாட்டுக்குத் தண்ணீர்க் குடம் தூக்குவது, தடப்பள்ளி வாய்க்காலில் இறங்குவது எல்லாம் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான்.

தலைக்குத் தண்ணீர் எப்போது ஊற்றலாம் என்பதை 11ஆம் தேதி கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை கழுத்துக்குக் கீழே குளிக்கலாம், முகத்தை ஈரத் துணியால் கண்ணைத் தவிர்த்துத் துடைக்கலாம். பிப்ரவரி 10 இரவு வரை படுக்கும்போது பிளாஸ்டிக் மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள், 9 மணி மருந்தெல்லாம் முடிந்த பிறகு. பகலில் கறுப்புக் கண்ணாடி. டி.வி. பார்க்கலாம், பேப்பர் படிக்கலாம், திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். சாப்பாட்டில் பத்தியம் எதுவும் டாக்டர் சொல்லவில்லை, சர்க்கரைக்கு உள்ளது மட்டும்தான்.

15ஆம் தேதி சிவராத்திரி. குலதெய்வக் கோவிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார் என்றால் டாக்டரிடம் 11ஆம் தேதியே கேட்டுவிடுங்கள். போனாலும் கூட்டத்துக்கும் புகைக்கும் விலகி நிற்க வேண்டும், இரவு 9 மணி மருந்தைப் பையில் கொண்டுபோக வேண்டும், யாரும் முகத்துக்கு நேரே விபூதி ஊதிவிடக் கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்கு

லேசான உறுத்தலும் கண்ணீரும் முதல் சில நாள் இருக்கும் என்றார் நர்ஸக்கா. ஆனால் பாராசிட்டமாலுக்கு அடங்காத வலி, நாளுக்கு நாள் கூடும் சிவப்பு, பீளை கட்டுவது, நேற்றைவிட இன்று பார்வை மங்குவது, மின்னல் அடிப்பது போலத் தெரிவது, பார்வையின் ஒரு பக்கம் திரை விழுந்தது போல மறைவது, கண்வலியோடு வாந்தி: இதில் எது வந்தாலும் காலை வரை பொறுக்காமல் காரை எடுங்கள். அட்டவணையில் ஒரு சொட்டைக் கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டாம்.

போக வேண்டிய நாட்கள்

| தேதி | எதற்கு | கையில் எடுத்துப் போக |
|---|---|---|
| பிப். 11 புதன் | கண் பரிசோதனை | மூன்று பாட்டில், இந்தத் தாள், டிஸ்சார்ஜ் சீட்டு |
| மார்ச் 4 புதன் | கண் அழுத்தம், பார்வை | சிவப்பு பாட்டில், சர்க்கரை ரிசல்ட் |
| மார்ச் 18 புதன் | கண்ணாடி அளவு | பழைய கண்ணாடி |

பிப்ரவரி 11 அன்று டாக்டர் எதையாவது மாற்றினால் இந்தத் தாளில் அடித்துத் திருத்தாதீர்கள். புதுச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அன்று இரவே புதிய அட்டவணை எழுதி அனுப்புகிறேன். பழையதைக் கிழித்துவிட்டு அதை ஒட்டுங்கள்.