பகடை துகில் பார்க்க வரும் மீனா அக்காவுக்கு

மகளிர் விடுதி, வேலூர்
23.3.2025

அன்புள்ள மீனா அக்காவுக்கு,

நலம். பெரியம்மா, பெரியப்பா நலமா? கடிதம் நேற்றுதான் கையில் கிடைத்தது. "டிவியில் 2013 மகாபாரதம் சீரியல் 267 எபிசோடும் பார்த்தாச்சு. அதே கதையை விடிய விடிய மண்ணில் உட்கார்ந்து எதற்குப் பார்க்கணும்?" என்று கேட்டிருக்கிறாய். கேள்வி நியாயமானதுதான். சித்திரையில் நம்ம ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கிறார்கள், ராத்திரியெல்லாம் தெருக்கூத்து. வருவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

முதலில் நேரக் கணக்கு. தூர்தர்ஷனில் 1988 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கிய பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' 94 எபிசோட் ஓடியது. எபிசோடுக்கு முக்கால் மணி என்று வைத்தால் எழுபது மணி நேரம். நம்ம ஊரில் பத்து ராத்திரி கூத்து, ராத்திரிக்கு எட்டு மணி நேரம், ஆக எண்பது. அதனால் "சீரியல் நீளம், கூத்து சுருக்கம்" என்பது சரியில்லை. நேரத்தை எங்கே செலவழிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். சீரியல் சந்தனு, கங்கையிலிருந்து ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு போகும். கூத்துக்கு ஒரு ராத்திரிக்கு ஒரு சம்பவம் போதும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூயம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று அடுக்குவார்கள். நடுவில் விடுபட்ட கதையை மத்தியானம் கோயில் பந்தலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் பாடி அர்த்தம் சொல்லிவிடுவார். ராத்திரி கூத்தாடும் களரிக்கு வருகிறவனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது ஏற்கெனவே தெரியும். சீரியல் ஒவ்வொரு நாளும் 'நாளை என்ன?' என்று தொங்க வைத்துத்தான் முடிக்கும். கூத்தில் அந்தக் கொக்கிக்கே வேலை இல்லை.

வேலை எதில் என்றால், வேஷம் உள்ளே வருவதில். சீரியலில் துரியோதனன் வந்தால் தொடையில் ஒரு அறை, முகத்துக்கு மூன்று தடவை கிட்டே போகும் கேமரா, டமார் என்று ஒரு சத்தம், முடிந்தது. கூத்தில் இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை மட்டும் கேட்கும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி ஆடும். உள்ளே இருந்தபடியே திரை விருத்தம் பாடுவார். திரையைப் பிடித்து உலுக்குவார். முகம் காட்டாமல் முதுகைக் காட்டியே ஆடுவார். பிறகுதான் திரை விலகும். அதற்கு மேல் கோமாளி வேஷம் கட்டிய கட்டியங்காரன் "நீங்கள் யார், எந்த ஊர்?" என்று கேட்க, 'துரியோதன மகாராசன் வந்தான் பார்' என்கிற மாதிரி தன்னையே படர்க்கையில் பாடிக்கொண்டு களரியைச் சுற்றுவார். இதற்கே அரை மணி, முக்கால் மணி ஆகும். முதல் தடவை பார்க்கிறவர்கள் இங்கேதான் பொறுமை இழந்து போனை எடுப்பார்கள். நீ காலைப் பார். பாட்டின் ஒரு அடியை அவர் பாடி முடித்ததும் பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் அவர் மூச்சு வாங்குவார், அடவு போடுவார், கிறிக்கி சுற்றுவார். பின்பாட்டு சோர்ந்தால் வேஷக்காரர் இரண்டு மணிக்கே ஓய்ந்துபோவார். குழு நல்ல குழுவா என்று தெரிய ராஜாவைப் பார்க்க வேண்டியதில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே போதும். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், அப்புறம் முகவீணை. ஒரு சாண் நீளத்தில் நாதஸ்வரத்தின் தங்கச்சி மாதிரி இருக்கும். அதன் குரல் ஊர்க்கோடி வரைக்கும் போகும்.

பத்து மணிக்கு மேளம் கட்டினால், ஏழரைக்கே பாடி வீட்டுக்குப் போய்விடு. வேஷம் கட்டுவதைப் பார்க்கலாம், யாரும் துரத்தமாட்டார்கள். முகத்துக்கு முதலில் எண்ணெயில் குழைத்த பூச்சு, அதன் மேல் நிறம். கிருஷ்ணனுக்குப் பச்சை, துரியோதனனுக்குச் சிவப்பு. கறுப்பிலும் வெள்ளையிலும் கோடும் புள்ளியும் வைப்பது கடைசியில். எண்ணெய் கூடிவிட்டால் ஒரு மணி ஆட்டத்திலேயே வேர்வையோடு நிறம் வழிந்து கண்ணில் இறங்கும். அதனால் மேலே பவுடர் போட்டு இறுக்குவார்கள். இடுப்பில் மடித்த புடவைகளைச் சுற்றி உப்ப வைத்து, மேலே பாவாடை கட்டுவார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. கனமில்லாத மரம், அதனால்தான். மேலே கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டியிருக்கும். இந்தக் கட்டைகளால்தான் 'கட்டைக்கூத்து' என்ற பெயரே. புஜக்கட்டையின் கயிறு தளர்ந்தால் கிறிக்கி சுற்றும்போது கட்டை முகத்துப் பக்கம் திரும்பிவிடும், இறுக்கிக் கட்டினால் கை மரத்துப்போகும். அதனால் கயிறு கட்டுவதற்கென்று கைப்பழக்கம் உள்ள ஒருவர் இருப்பார். சீரியல் நகை தகதகவென்றுதான் இருக்கிறது, ஆனால் அது விளக்குக்கும் லென்சுக்கும் செய்தது. இந்தக் கண்ணாடித் துண்டு, தீவட்டி வெளிச்சத்தில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தெரிவதற்காக வைத்தது. இப்போது டியூப் லைட் வந்து அது கொஞ்சம் வீணாகிவிட்டது.

இனி நீ வரப்போகும் ராத்திரி. நோட்டீசில் 'பகடை துயில்' என்று அச்சாகியிருக்கும். துகில்தான், வாயில் அப்படி மருவிவிட்டது. இந்தக் காட்சி சீரியலில் எப்படி நினைவிருக்கும் உனக்கு? 1988இல் ரூபா கங்குலி, 2013இல் பூஜா சர்மா. கை கூப்பி அழுகை, வானத்தில் கிருஷ்ணன், புடவை வளர்ந்துகொண்டே போகும், துச்சாதனன் மயங்கி விழுவான். அற்புதத்தைக் காட்டுவதில்தான் முழுக் கவனமும் இருக்கும். கூத்தில் அந்தத் தந்திரமே கிடையாது. திரௌபதி வேஷம் கட்டியவர் பெரும்பாலும் ஆண். (காஞ்சிபுரம் பக்கம் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தது, இப்போது பெண்களும் கட்டுகிறார்கள்.) இழுப்பதற்கென்று மேலே தனியாக ஒரு புடவை சுற்றியிருக்கும். அதில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டம் நின்றுவிடும். கற்பூரம் கொளுத்துவார்கள். துச்சாதனன் வேஷக்காரர் வேஷத்தை விட்டு இறங்கி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக் கும்பிடுவார். அதற்குப் பிறகுதான் முந்தானையில் கை போகும். இழுக்கிற வேகத்தில் இரண்டு பேருக்கும் அருள் வந்துவிடுவது உண்டு. நாலு பேர் பிடித்துக்கொள்ளத் தயாராகப் பக்கத்திலேயே நிற்பார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிலருக்கும் ஆவேசம் வரும்.

சீரியல் இதை 'நடந்தது' என்று காட்டுகிறது. கூத்துக்காரர்கள் இதை இன்னொரு தடவை செய்கிறார்கள். அதனால்தான் செய்கிறவனுக்குப் பயம். டிவியில் துச்சாதனனாக நடித்தவர் மன்னிப்புக் கேட்கத் தேவையே இல்லை, அங்கே பிடித்து இழுக்கப்பட்டது வெறும் துணி. அதற்காக சீரியல் மட்டம் என்று சொல்லவரவில்லை. பீஷ்மர் தலை குனிவதையும் விதுரர் எழுந்து பேசுவதையும் கேமரா ஒவ்வொரு முகமாகப் போய்க் காட்டுவது கூத்தால் முடியாத காரியம். களரியில் சபையே கிடையாது. மிஞ்சினால் மூன்று நாலு வேஷம். சபை யார் என்றால், பாயில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் நாம்தான்.

கதையிலும் வித்தியாசம் உண்டு. கர்ண மோட்சத்தில் கர்ணனை விட அவன் பெண்டாட்டி பொன்னுருவிக்குத்தான் கூட்டம். பிறப்பைச் சொல்லிப் புருஷனை ஏசுகிறவள், போருக்குப் போகும்போது அவனைப் பிரிய மாட்டாமல் தவிப்பாள். 2013 சீரியலில் கர்ணன் மனைவி விருஷாலி, அடக்கமான பெண். பொன்னுருவி பேசுகிற பேச்சில் பாதியை அவள் வாயில் வைத்தாலும் எடுபடாது. இந்தக் கூத்தை நம்ம பக்கம் சாவு வீட்டுக் காரியத்துக்கும் வைப்பார்கள். அரவான் கதையும் இங்கே வேறு மாதிரிதான். மூலத்தில் எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையில் சாகிறவன், இங்கே போருக்கு முன்பே களபலி ஆகிறான்.

1988 சீரியலில் சக்கரம் சுற்ற 'நான் காலம்' என்று ஒரு குரல் மேலே இருந்து பேசுமே, அந்த வேலை இங்கே கட்டியங்காரனுடையது. ஆனால் அவன் மேலே இருந்து பேசமாட்டான், நம்மில் ஒருத்தன். விருத்தம் செந்தமிழில் இருக்கும், ராஜாவின் வசனம் பாதி ஏட்டுத் தமிழில் இருக்கும், அவன் மட்டும் செய்யாறு சந்தைப் பேச்சில் பேசுவான். 'நூறு பேருக்கும் ஒரே ரேஷன் கார்டா?' என்று துரியோதனனையே கேட்பான். டப்பிங்கில் இந்திக்காரர் வாய் மூடும் வரை தமிழை இழுக்கிறார்கள், அதனால் தாத்தாவும் பேரனும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். காது கொடுத்துக் கேட்டால் உனக்கே தெரியும்.

கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் மல்லாந்து படுத்த துரியோதனன் உருவம், ஆள் ஏறி நிற்கும் அளவுக்குப் பெரியது. தொடையில் சிவப்பு நீர் வைத்திருப்பார்கள். விடியும் வரை ஆடிய பீமனும் துரியோதனனும் அப்படியே வேஷத்தோடு அங்கே வந்து அந்த உருவத்தைச் சுற்றி ஓடுவார்கள். தொடையை அடித்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி. அந்த மண்ணில் ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்களும் உண்டு.

வரும்போது போர்வை ஒன்று கட்டாயம், விடியற்காலைப் பனி சித்திரையிலும் இறங்கும். பாய் நான் கொண்டுவருகிறேன். பெஞ்சுக்கு நேர் எதிரே உட்கார வேண்டாம், ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தால் திரைக்குப் பின்னால் நடப்பதும் தெரியும். ஒரு மணிக்கு மேல் தூக்கம் வந்தால் தயங்காமல் தூங்கு. துகில் உரிகிற நேரம் வரும்போது மேளமே எழுப்பிவிடும். அந்த நேரத்தில் மட்டும் போனில் ஃப்ளாஷ் போடாதே, ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள்.

செய்யாறு பேருந்து நிலையத்துக்கு ஆறு மணிக்குள் வந்துவிட்டால் ஊருக்குப் போகும் பஸ்ஸில் சேர்ந்தே போகலாம். பெரியம்மாவிடம் வேர்க்கடலை உருண்டை கொடுத்தனுப்பச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை,
சுமதி