2024-25 சுயமதிப்பீடு: குளோசிங் பிரிவு, இரண்டாம் லைன்

பெறுநர்: உற்பத்தி மேலாளர்
நகல்: மனிதவளப் பிரிவு
நாள்: 10-04-2025
பொருள்: 15ஆம் தேதி ரிவ்யூவுக்கான என் சுயமதிப்பீடு, ஆதாரங்களுடன்

வணக்கம் சார்,

சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்த மறுநாளே என் ரிவ்யூ. மனிதவளப் பிரிவின் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு கட்டத்துக்கு நாலு வரிதான் இடம், அதனால் விவரமாக இங்கே எழுதுகிறேன். நான் சொல்லும் எண்கள் எல்லாம் லைன் ரிஜிஸ்டரிலும் லாஸ்ட்டிங் பிரிவு தினமும் அனுப்பும் ரிட்டர்ன் சீட்டிலும் இருப்பவை. நகல்களை இணைத்திருக்கிறேன்.

முதலில் ரீவொர்க். 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரை நம் லைனில் தைத்தது 82,400 ஜோடி அப்பர். அதில் 5,603 திரும்பி வந்தது, அதாவது 6.8 சதவீதம். இந்த ஜனவரி முதல் மார்ச் வரை 85,300 ஜோடியில் 2,644, அதாவது 3.1 சதவீதம் (இணைப்பு 1). ஒரு ஜோடியைப் பிரித்துத் தைக்க சராசரி ஏழு நிமிடம் என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தோம். அந்தக் கணக்கில் மூன்று மாதத்தில் சுமார் 345 மணி நேரம் மிச்சம். லைன் கடைசியில் மட்டும் இருந்த செக்கிங் டேபிளில் ஒன்றை எடுத்து, லைனிங் ஒட்டுவதற்கு முன்னால் போட்டதுதான் பெரிய காரணம். லைனிங் மூடிய பிறகு உள்தையலில் குறை தெரிந்தால் பாதி ஷூவைப் பிரிக்க வேண்டும். ஆள் கூடுதலாகக் கேட்கவில்லை, இருந்த நாலு செக்கர்களையே இரண்டு இரண்டாகப் பிரித்தேன்.

இந்த வருஷத்தில் எனக்கே திருப்தி தந்த வேலை ஆகஸ்ட் மாதக் கிழிசல் விவகாரம். லாஸ்ட்டிங்கில் இழுக்கும்போது வாம்ப்பும் குவார்ட்டரும் சேரும் தையலோரம் அப்படியே கிழிந்து வந்தது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 412 ஜோடி. தோல் சரியில்லை என்று நாங்கள் சொன்னோம். லாஸ்ட்டிங் மெஷின் அதிகமாக இழுக்கிறது என்று டேனரி தரப்பு சொன்னது. லாஸ்ட்டிங் பிரிவு எங்களைக் கை காட்டியது. வாதம் பத்து நாள் ஓடியது.

ஒரு சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கிழிந்ததில் 50 அப்பரை எடுத்து வைத்து, ஸ்கேலை ஒட்டிப் பிடித்துத் தையலை எண்ணினேன். ஸ்பெக் ஒரு சென்டிமீட்டருக்கு 4 தையல். 50இல் 38 அப்பரில் 5, சிலவற்றில் 6. ஊசி அவ்வளவு நெருக்கமாக இறங்கினால், தபால் தலையின் ஓரத்தைப் போல தோல் ஓட்டை வரிசையாகி, இழுத்தால் அதே கோட்டில் பிரிந்துவிடும். தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று புதிதாக வந்த பிள்ளைகள் நினைத்து டயலைத் திருப்பியிருக்கிறார்கள். வீட்டில் துணி தைத்த பழக்கம் அது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. மெக்கானிக் அண்ணன் உதவியோடு 36 மெஷினிலும் சரியான இடத்தில் டயலை வைத்து, சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டோம். காலையில் மெஷினைத் துடைக்கும்போதே கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கூடவே அந்த ஜாயிண்ட்டுக்கு ஊசியை 100இல் இருந்து 90க்கு மாற்றினோம். நவம்பரில் கிழிசல் 57 ஜோடி. ஒரு அப்பர் 480 ரூபாய் என்று ஸ்டோர் கணக்கு. மாதம் 355 ஜோடி குறைந்தது என்றால் 1,70,400 ரூபாய். எண்ணிய 50 அப்பரும் என் ரேக்கில் பையில் கட்டி இருக்கிறது, ரிவ்யூ அன்று கொண்டு வருகிறேன்.

உடைந்த ஊசி ரிஜிஸ்டர் முழுக்க என் கையெழுத்தில்தான் இருக்கிறது. வருஷத்தில் 1,046 ஊசி உடைந்தது. மூன்று தடவை தவிர எல்லாத் துண்டும் டேப்பில் ஒட்டி வைத்திருக்கிறோம். கிடைக்காத மூன்று தடவையும் அந்த பண்டில் முழுவதையும் நிறுத்தி மெட்டல் டிடெக்டரில் மறுபடி விட்டோம். ஒரு முனை, குதிகால் பக்கம் கவுன்ட்டருக்கும் லைனிங்குக்கும் நடுவில் அகப்பட்டது. அது ஒரு குழந்தையின் காலில் குத்தியிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. மற்ற இரண்டு பண்டிலிலும் மொத்தம் 24 ஜோடியைப் பிரித்துப் பார்த்தோம், எதுவும் இல்லை. அதற்கான நேர இழப்பு அன்றைய ரிப்போர்ட்டில் என் பெயரில் இருக்கிறது.

பயிற்சி பற்றி ஒரு வரி: ஹெல்பராக வந்த 22 பேரில் 17 பேர் இப்போது மெஷினில், 2 பேர் இன்னும் ஃபோல்டிங்கில், 3 பேர் வேலையை விட்டுவிட்டார்கள்.

இனி சரியாகப் போகாதவை. நீங்களே கேட்பீர்கள் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன்.

போன மே மாதம் ஷிப்மென்ட் இரண்டு நாள் தள்ளிப்போனதில் என் பங்கு உண்டு. நம் லைனில் 148 பேர். 64 பேர் குடியாத்தம் பஸ்ஸில் வருகிறவர்கள். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அன்றைக்கு யாரும் வர மாட்டார்கள் என்று இந்த மாவட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியாமலா? தெரியும், ஆனால் பிளானிங்கில் எழுதிக் கொடுக்கவில்லை. 61 பேர் வரவில்லை. இந்த முறை மே நடுவில் திருவிழாவை ஒட்டிய மூன்று நாளுக்கு லோடைக் குறைத்து, ஏப்ரல் கடைசி வாரத்திலேயே கூடுதலாகத் தைப்பதற்கான பிளானை இணைத்திருக்கிறேன் (இணைப்பு 4). வெயிலும் அப்போது உச்சத்தில் இருக்கும், அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டேன்.

டிசம்பரில் 39, 40 சைஸ் லேபிள் மாறி 216 ஜோடி பாக்கிங் வரை போய்த் திரும்பியது. முதல் பண்டிலை மட்டும் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தவறு என்னுடையது, லேபிள் ஒட்டிய பெண்ணுடையது அல்ல. மெமோவை அவர் பெயரில் கொடுத்திருக்கிறார்கள், அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்காகக் கேட்பது இரண்டு. ஒன்று, 2022 முதல் செய்கிற வேலை சீனியர் சூப்பர்வைசர் வேலை, பதவிப் பெயர் இன்னும் பழையது. சம்பளத்தோடு அதைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு, லைனிங்குக்கு முந்தைய டேபிளுக்கு மேல் ஒரு டியூப் லைட். கருப்புத் தோலில் கருப்பு நூல் வரும் நாட்களில் செக்கர்கள் செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள்.

செவ்வாய் காலை 11 மணிக்கு ரிஜிஸ்டர்களோடு உங்கள் அறைக்கு வருகிறேன்.

நன்றி,
கோமதி
தரக் கண்காணிப்பாளர், குளோசிங் பிரிவு, ஆம்பூர்