மணி கேட்டு இடம் சொல்லும் கைப்பேசி

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, நண்பர்களே, வணக்கம்.

கைப்பேசி வழி சொன்னால் என் தாத்தாவுக்குப் பிடிக்காது. "மேல இருந்து நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கான்" என்பார். உண்மையில் ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நம் கைப்பேசி இருப்பதே தெரியாது. வானொலி நிலையம் போல அது பாட்டுக்குப் பேசும், கைப்பேசி கேட்டுக்கொள்ளும். "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு." பேச்சு அவ்வளவுதான்.

தாத்தாவுக்குச் செம்பனை ஆலைச் சங்கை வைத்து விளக்கினேன். சங்கு சரியாக 12 மணிக்கு ஊதுகிறது. எனக்கு 3 வினாடி கழித்துக் கேட்கிறது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 வினாடி. அப்படியானால் நான் ஆலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறேன். எந்தப் பக்கம்? தெரியாது. ஆலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால், அதில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதே 12 மணிக்கு மாரியம்மன் கோயில் மணியும் அடித்தால் இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் இடங்கள் இரண்டு. பள்ளி மணியும் சேர்ந்தால் ஒரே புள்ளி!

தாத்தா மடக்கினார்: "ஒன் கடிகாரமே தப்பா ஓடுதே, அப்ப?"

அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் வானொலி அலை ஒளியின் வேகத்தில் வரும். தலைக்கு நேர்மேலே இருந்தால் வந்து சேர 0.067 வினாடி போதும். வினாடியில் மில்லியனில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தவறு; நம் வீடு பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். அதனால் செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் வைக்கிறார்கள். கைப்பேசியில் இருப்பதோ மலிவான கடிகாரம். அதன் பிழையையும் கண்டுபிடிக்கத்தான் நான்காவது செயற்கைக்கோள். நெடுக்கு, குறுக்கு, உயரம், கடிகாரப் பிழை: தெரியாதவை நான்கு, கணக்கும் நான்கு.

எனக்கு மிகவும் பிடித்தது இது. ஐன்ஸ்டைன் சொன்னபடி, அந்த உயரத்தில் கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோ வினாடி முந்தி ஓடும். அதற்குள் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும்! அதனால் ஏவுவதற்கு முன்பே கடிகாரத்தை அந்த அளவுக்கு மெதுவாக்கி அனுப்புகிறார்கள். நம்பாமல் ஆசிரியரிடம் இரண்டு முறை கேட்டேன்.

அலை வந்து சேரும்போது மிக மெலிந்திருக்கும். செம்பனை ஓலை அடர்ந்த இடத்தில் இன்னும் மங்கும். சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் தூரம் கூடிவிடும். போன வாரம் என் அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். கைப்பேசி அவர் லொங்கானுக்குள் நிற்பதாகக் காட்டியது.

இடைவேளையில் திடலுக்கு வாருங்கள். ஆசிரியரின் கைப்பேசியில் நம் ஊர் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்கிறோம். இணையத்தை அடைத்துவிட்டு நடப்போம். நீலப் புள்ளி அப்போதும் கூடவே வரும்.

நன்றி, வணக்கம்.