கிளினிக்கல் போஸ்டிங்கின் நடுவில் ஆறு நாள் விடுப்பு கேட்டு விண்ணப்பம்

நாள்: 22.06.2026

அனுப்புநர்:
கயல்விழி,
மூன்றாம் ஆண்டு எம்.பி.பி.எஸ்., வரிசை எண் 64, 'சி' பேட்ச்.

பெறுநர்:
துறைத் தலைவர் அவர்கள்,
பொது அறுவைச் சிகிச்சைத் துறை.

வழி: மூன்றாம் யூனிட் தலைவர் அவர்கள்.

பொருள்: 13.07.2026 முதல் 18.07.2026 வரை ஆறு நாள் விடுப்பும், அதற்கு ஈடாக நான்கு நாள் வார்டு வேலையும் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். விடுப்புக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிய வேண்டியது. போன வாரம் யூனிட் தலைவர் சாரிடம் வாய்மொழியாகக் கேட்டபோது, "எனக்குச் சொன்னதை எல்லாம் கணக்கோடு எழுதிக் கொடும்மா, மேடம் கேட்கப்போறது அந்தக் கணக்கைத்தான்" என்றார். அதனால்தான் இந்த நீளம்.

எங்கள் பேட்சுக்கு அறுவைச் சிகிச்சை போஸ்டிங் ஜூலை 6 அன்று தொடங்கி ஆகஸ்ட் 1 வரை நடக்கிறது. அதன் இரண்டாவது வாரத்தில், ஜூலை 14 செவ்வாயன்று, என் அம்மாவுக்கு வலது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. அதற்கு முந்தைய நாளே அட்மிட் ஆக வேண்டும். அப்பா இல்லை. அண்ணன் கப்பலில் வேலை செய்கிறார். 18ஆம் தேதி இரவுதான் அவர் வீடு வந்து சேர முடியும் என்று அங்கிருந்து எழுத்தில் உறுதி தந்திருக்கிறார்கள். இடையில் உள்ள அந்த ஆறு நாளும் அம்மாவுடன் நான்தான் இருக்க வேண்டும்.

தேதியை மாற்றக் கூடாதா என்று கேட்பீர்கள். இது ஏற்கெனவே மாற்றிய தேதி. முதலில் சொன்ன நாள் என் பருவத் தேர்வில் விழுந்ததால் அம்மாவே தள்ளி வைத்துவிட்டார், எனக்கு அப்புறம்தான் தெரியும். அடுத்து சர்க்கரை குறுக்கே வந்தது. ஹெச்.பி.ஏ.1.சி. 9.4 இருந்தது. இந்த அளவில் செயற்கை மூட்டு வைத்தால் தொற்று வரும் வாய்ப்பு கூடும் என்று சர்ஜன் மறுத்துவிட்டார். நான்கு மாதம் இன்சுலினோடு மல்லுக்கட்டி இப்போது 7.1. மயக்க மருத்துவரும் தகுதி எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொரு முறை தள்ளினால் பரிசோதனைகளை எல்லாம் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குள் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் எலும்பு மூட்டுப் பிரிவில் போஸ்டிங் இருந்தபோது, மூட்டுத் தேய்மானத்துக்கு வந்திருந்த ஒரு பாட்டியிடம் வரலாறு எடுத்தேன். "எத்தனை படி ஏறுவீங்க?" என்று கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதினேன். அன்று இரவு போனில் அதே கேள்வியை விளையாட்டாக அம்மாவிடம் கேட்டேன். "படியா? நான் மாடிக்குப் போயி எட்டு மாசம் ஆச்சு. துணி காயப்போடப் பக்கத்து வீட்டுப் பொண்ணு போகுது" என்றார். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பார்த்தேனே தவிர, கேட்கவில்லை.

அறுவை முடிந்த மறுநாளே வாக்கர் வைத்து நிற்க வைப்பார்கள். முதல் மூன்று நான்கு நாள்தான் சிரமம். கழிவறைக்குப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும், வலி தாங்காமல் முழங்காலை மடக்க மறுப்பவரை மடக்க வைக்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியின் நேரம் தவறக் கூடாது, கெண்டைக்கால் வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊசி போட அங்கே செவிலியர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அம்மா கூச்சமில்லாமல் எழுப்பக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

சரி, இப்போது வருகைக் கணக்கு.

இந்த போஸ்டிங்கில் ஞாயிறு போக 24 நாள். கிளினிக்கலுக்குக் குறைந்தது 80 சதவீதம் வேண்டும். 24இல் 80 சதவீதம் 19.2 வருகிறது. 19 நாள் வந்தால் 79.17தான், அதை 80 என்று யாரும் எழுத முடியாது. ஆக 20 நாள் கட்டாயம். நான்கு நாளுக்கு மேல் யாரும் விடக் கூடாது. நான் கேட்பதோ ஆறு நாள். அப்படிப் போனால் என் கணக்கு 24க்கு 18, அதாவது சரியாக 75 சதவீதம். "75தான் இருக்கே, அப்புறம் என்ன?" என்று அறைத் தோழி கேட்டாள். அந்த 75 தியரி வகுப்புக்கான வரம்பு. வார்டுக்கு 80. பேட்சில் பாதிப் பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் கடைசி வாரத்தில் அலுவலக வாசலில் நிற்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. போன வருட அறுவைச் சிகிச்சை போஸ்டிங்கில் 24க்கு 22 நாள் வந்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்தால் 48க்கு 40, அதாவது 83.3 சதவீதம். ஆனால் நம் அலுவலகம் ஒவ்வொரு போஸ்டிங்கையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எனவே அந்தக் கூட்டுக் கணக்கைக் காட்டி எதுவும் கேட்கவில்லை. என் பழக்கம் தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

தியரியில் சிக்கல் இல்லை. இதுவரை நடந்த 46 அறுவைச் சிகிச்சை வகுப்புகளில் 41க்கு வந்திருக்கிறேன். அந்த வாரத்தில் இரண்டு வகுப்பு போனாலும் 85 சதவீதத்துக்குக் குறையாது. மற்றத் துறைகளுக்குத் தனியாகக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

ஆறு நாளுக்கும் வருகை போட்டுத் தரும்படி நான் கேட்கவில்லை மேடம். அந்த ஆறு நாளும் வராத நாளாகவே பதிவாகட்டும். அம்மாவின் அட்மிஷன் சீட்டைக் காரணத்துக்கு ஆதாரமாகத்தான் இணைக்கிறேன். சான்றிதழ் கொடுத்தாலும் வருகை நாள் அதிகமாகாது என்பது எனக்குத் தெரியும். வருகைத் தாளில் என் பெயருக்கு நேரே நண்பர்கள் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், அதற்கும் நானே பொறுப்பு.

கேட்பது ஈடு செய்ய ஒரு வழி. ஆகஸ்ட் 24 முதல் 29 வரை எங்களுக்குப் பருவ விடுமுறை. மாணவர்களுக்கு விடுமுறையே தவிர, வார்டு நடந்துகொண்டுதான் இருக்கும். அதில் 24 முதல் 27 வரை நான்கு நாள், காலை 9 மணி முதல் 12 வரை மூன்றாம் யூனிட்டில் இருக்க அனுமதி கேட்கிறேன். கணக்குப்படி இரண்டு நாளே போதும். ஆனால் சரியாக 20இல் போய் நின்றால், ஜூலையில் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் கீழே விழுந்துவிடுவேன். நான்கு நாள் ஈடு செய்தால் 22 ஆகும். முதலில் மாலைகளில் கேஷுவாலிட்டியில் நின்று ஈடு செய்யலாம் என்றுதான் நினைத்தேன். அந்த மணிநேரங்களை போஸ்டிங் நாளாக அலுவலகம் ஏற்காது என்று சீனியர்கள் சொன்னதால் விட்டுவிட்டேன். கற்றுக்கொள்வதற்காக அட்மிஷன் நாளான ஜூலை 22, 29 இரண்டு புதன் மாலையும் எப்படியும் வருவேன், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இதில் ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு. போஸ்டிங் முடிந்ததும் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே துறையிலிருந்து வருகைப் பட்டியல் அலுவலகத்துக்குப் போய்விடும். அப்போது என் பெயருக்கு நேரே 18 என்றுதான் இருக்கும். அதன் பக்கத்தில் 'ஈடு நாட்கள் நிலுவையில்' என்று ஒரு குறிப்பு போடச் சொன்னால், ஆகஸ்ட் 27க்குப் பிறகு திருத்திய எண்ணிக்கையை அனுப்ப முடியும். குறிப்பு இல்லாமல் போனால், பின்னால் நான் எத்தனை நாள் வந்தாலும் அது ஏறாது. ஈடு நாட்களுக்குத் தனித் தாள் வைத்து, அன்றன்று பணியில் இருக்கும் முதுகலை மாணவரிடம் வந்த நேரமும் போன நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.

அந்த வாரத்தில் தவறுவது நாள் மட்டும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் தியேட்டர், புதன் அட்மிஷன், வியாழன் கேஸ் பிரசன்டேஷன். 16ஆம் தேதி குடலிறக்கக் கேஸ் வழங்க வேண்டியது நான். 9ஆம் தேதிக்கு இருந்தவருடன் பேசி மாற்றிக்கொண்டுவிட்டேன், அவருடைய கையெழுத்தும் இணைப்பில் இருக்கிறது. எனக்கு ஒதுக்கும் படுக்கைகளை என் ஜோடி மாணவி பார்த்துக்கொள்வார். கிளம்பும் முன் 11ஆம் தேதி சனிக்கிழமை ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் நின்று அந்த மாணவிக்கு விவரம் சொல்லிவிடுவேன். லாக் புக்கில் மார்பகக் கட்டிப் பரிசோதனையும் மலக்குடல் பரிசோதனையும் அந்த வாரத்தில் சான்று வாங்க வேண்டியவை. ஈடு நாட்களில் முதலில் அவற்றை முடிப்பேன். ஆகஸ்ட் 1 அன்று நடக்கும் போஸ்டிங் இறுதித் தேர்வுக்குக் கட்டாயம் வருவேன், அதில் எந்தச் சலுகையும் வேண்டாம்.

ஆறு நாள் தர விதி இடம் கொடுக்கவில்லை என்று நீங்கள் கருதினால், 13 முதல் 16 வரை நான்கு நாளாவது தர வேண்டுகிறேன். அப்போது 24க்கு 20, ஈடு நாளே தேவைப்படாது. 17ஆம் தேதி வெள்ளி காலை தியேட்டருக்கு வந்துவிடுவேன். அந்த இரண்டு நாளும் இரண்டு இரவும் சித்தி வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கே இடுப்பு வலி. அம்மாவைத் தூக்கி நிறுத்த அவரால் முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அதனால்தான் இதை இரண்டாவதாக எழுதுகிறேன்.

எதுவானாலும் ஜூலை 4ஆம் தேதிக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும். 6ஆம் தேதி போஸ்டிங் தொடங்கும்போதே யூனிட்டில் சொல்லிவிட முடியும், சித்திக்கும் டிக்கெட் போட வேண்டும். நேரில் வரச் சொன்னால் ஓ.பி. முடிந்து எந்த நாளும் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கயல்விழி
(வரிசை எண் 64)

இணைப்பு: அம்மாவின் அட்மிஷன் சீட்டு நகல், மயக்க மருத்துவரின் தகுதிச் சான்று நகல், அண்ணனின் விடுப்பு உறுதிக் கடித நகல், கேஸ் மாற்றத்துக்கான ஒப்புதல், போன வருட போஸ்டிங் வருகைத் தாள் நகல்.